திங்கட்கிழமைதோறும் வரும் பொய் எச்சரிக்கை
"நோய் பரவுவதை முன்கூட்டியே அறிய, பள்ளி வருகையையும் மருந்துக்கடை விற்பனையையும் தினமும் பார்க்கிறோம். திங்கட்கிழமைதோறும் எச்சரிக்கை வருகிறது. விசாரித்தால் நோய் இல்லை. என்ன செய்வது?"

ஒப்பிடும் நாளை மாற்றுங்கள். வார விடுமுறை முடிந்த மறுநாள் பிள்ளைகள் வராமல் போவது சகஜம். அதைக் கடந்த ஏழு நாள் சராசரியோடு ஒப்பிட்டால் எச்சரிக்கை வரத்தான் செய்யும்.

முந்தைய திங்கட்கிழமைகளோடு ஒப்பிடுங்கள். நான்கு திங்கட்கிழமைகளில் 38, 44, 41, 37 பேர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் திட்டவிலக்கம் சுமார் 3.2. சராசரியுடன் மூன்று திட்டவிலக்கத்தைக் கூட்டினால் வரம்பு ஏறக்குறைய 50. இன்று 46 என்றால் விட்டுவிடலாம். 55 என்றால் அன்றே பள்ளியை அழைத்து, காய்ச்சலா வயிற்றுப்போக்கா என்று கேளுங்கள். நான்கு வாரத் தரவு குறைவுதான். எட்டு வாரமாவது இருந்தால் வரம்பை நம்பலாம்.

மருந்துக்கடையில் தள்ளுபடி நாள்களே பெரிய தொல்லை. ஒருவரே பல பெட்டிகள் வாங்குவார். ஆகவே பெட்டிகளை விட்டுவிட்டு பில்களை எண்ணுங்கள்.

பள்ளிக்கு வராதோர் எண்ணிக்கையும் பில்களும் ஒரே வாரத்தில் உயர்ந்தால் தாமதிக்க வேண்டாம். 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி கலந்தபோது, ஆய்வகம் அதை உறுதிசெய்யும் முன்பே மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்கு மருந்து வேகமாக விற்றது, பள்ளிகளில் வருகையும் குறைந்தது.