கறுப்பு உடையும் வெயிலும்: துணி உடம்பைத் தொடுகிறதா?

"பாலைவனத்தில் கறுப்பு அங்கி போடுகிறார்களே, என் கறுப்பு டி-ஷர்ட் மட்டும் ஏன் வெயிலில் சுடுகிறது?"

உங்கள் டி-ஷர்ட் தோலோடு ஒட்டியிருப்பதுதான் காரணம். கறுப்புத் துணி வெள்ளையைவிட அதிக வெப்பத்தை இழுக்கும். ஒட்டிய துணியில் அது நேரே தோலுக்கு இறங்கிவிடும்.

பாலைவன நாடோடிகளான பெதோயின் மக்களின் கறுப்பு, வெள்ளை அங்கிகளை ஒப்பிட்டு 1980-இல் ஓர் ஆய்வு வந்தது. கறுப்புத் துணி வெள்ளையைவிடச் சுமார் 6 டிகிரி கூடுதலாகச் சூடேறியது. ஆனால் தோலை எட்டிய வெப்பம் இரண்டிலும் ஒன்றுதான். துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஓடிய காற்று அந்தக் கூடுதல் சூட்டை வெளியே கொண்டுபோய்விட்டது. அதாவது அங்கே கறுப்பு வெள்ளைக்குச் சமம், அதைவிடக் குளிர்ச்சி இல்லை. வெள்ளைத் துணி வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால், காற்றடிக்கும் இடத்தில் தளர்வான கறுப்பு அதை முந்தலாம்.

சோதிக்க, காற்று வரும் வெயிலில் பத்து நிமிடம் நில்லுங்கள். தோள்பட்டையில் மட்டும் சுட்டால் துணி அங்கே படிந்திருக்கிறது. கழுத்தும் கீழ்விளிம்பும் அகலமான சட்டைக்கு மாறுங்கள்.

காற்றே இல்லாத இடம் என்றால் தளர்வான கறுப்பும் உதவாது. அங்கே தளர்வான, வெளிர்நிறப் பருத்திதான் சரி.