பாதீட்டு விளக்கத்தில் என்ன எழுத வேண்டும்?

"நிதி கேட்கும் முன்மொழிவில் பாதீட்டு விளக்கம் எழுதச் சொல்கிறார்கள். தொகைதான் அட்டவணையிலேயே இருக்கிறதே, இதில் என்ன எழுதுவது?"

ஒவ்வொரு செலவும் எந்த வேலைக்கு, எப்படிக் கணக்கிட்டது என்று சொல்வதுதான். கலியாண வீட்டுக்கு அரிசி எவ்வளவு என்றால், எத்தனை பேருக்குச் சாப்பாடு என்றும் சொல்வோமே, அதுபோல.

"போக்குவரத்து 48,000 ரூபாய்" என்று மட்டும் எழுதினால், வன்னியைப் பார்த்திராத மதிப்பீட்டாளர் அதில்தான் முதலில் கைவைப்பார். இப்படி எழுதுங்கள்: "செயற்பாடு 2: ஒட்டுசுட்டானில் 4 வீட்டுத்தோட்டப் பயிற்சிகள். கிளிநொச்சியிலிருந்து வான் வாடகை, போய்வர 12,000 ரூபாய் × 4 = 48,000. பஸ்ஸில் போனால் மாங்குளத்தில் மாற வேண்டும். நாற்றுத் தட்டுகளை ஏற்ற முடியாது." பயிற்சி மூன்றாகக் குறைந்தால் எவ்வளவு குறையும் என்பதும் உடனே தெரியும்.

விலைமனு இணைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது விலையைக் காட்டும், தேவையைக் காட்டாது.