திட்டுகிறவரை பிளாக் செய்தால் மட்டும் போதுமா?

கேள்வி: சின்ன யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன். ஒரு வீடியோ பரவியதும் கண்டபடி திட்டுகிறார்கள். பிளாக் செய்தால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா? படித்துவிட்டுத் தூக்கமே வருவதில்லை.

பதில்:

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கொழுந்து பறிப்பது, கவாத்து செய்வது என்று வீடியோ போடுவேன். முப்பது கமெண்ட் வந்தாலே எனக்கு அது பெரிய நாள். ஒருமுறை, சுற்றுலா வந்தவர்கள் தோட்டத்துக்குள் உடைத்துப் போட்ட பீர் பாட்டில் பறிக்க வந்த அக்காவின் காலைக் கிழித்துவிட்டது. அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் போட்டேன். எங்கள் ஊரில் சிக்னல் ரோட்டு வளைவில்தான் கிடைக்கும். மறுநாள் காலை அங்கே போய் நின்றதும் நானூற்றுச் சொச்சம் கமெண்ட் ஒரே மூச்சில் வந்து விழுந்தது.

முதலில் செய்த தப்பு, ஒவ்வொருவருக்கும் பதில் எழுதியது. என் ஒரு பதிலுக்கு அவர்கள் பத்து எழுதினார்கள்.

அப்புறம்தான் யூடியூப் ஸ்டுடியோவின் Settings-க்குள் Community பகுதியில் Blocked words என்ற பெட்டியைப் பார்த்தேன். அதில் கமா போட்டு எழுதும் சொற்கள் வந்தால் அந்தக் கமெண்ட் வெளியே தெரியாமல் நம் பார்வைக்கு நிற்கும். தமிழுக்கு அது லேசில் பிடிபடாது. நம் ஆட்கள் ஒரே வசவைத் தமிழிலும் எழுதுவார்கள், ஆங்கில எழுத்தில் நாலு விதமாகவும் எழுதுவார்கள். அத்தனையையும் நாமே சேர்க்க வேண்டும்:

```
நாயே, naaye, naye, nayae, லூசு, loosu
```

"நாய்" என்று போடாமல் "நாயே" என்று போட்டிருப்பதைக் கவனியுங்கள். வசவு அந்த ஏகாரத்தில்தான் இருக்கிறது. வெறும் "நாய்" போட்டால், எங்கள் தோட்டத்து நாயைப் பற்றிக் கேட்கிறவரும் மாட்டிக்கொள்வார். நான் `loose` என்பதையும் சேர்த்திருந்தேன். நாலு நாள் கழித்து நிறுத்திவைத்ததைத் திறந்தால், "loose tea kilo evlo akka" என்று விலை கேட்டவர்கள் வரிசையாக நிற்கிறார்கள்! அந்தச் சொல்லை எடுத்துவிட்டு `loosu` மட்டும் வைத்துக்கொண்டேன். நிறுத்திவைத்த கமெண்டுகள் 60 நாள் வரைதான் இருக்கும், அதனால் வாரம் ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள்.

சொல்லைத் தடுப்பதால் எல்லாம் நிற்காது. "டூரிஸ்ட் வரலைன்னா நீங்க சோத்துக்கு என்ன பண்ணுவீங்க மேடம்" என்பதில் எந்தச் சொல்லை வடிகட்டுவது? (நாங்கள் விற்பது பச்சைத் தேயிலை, லாட்ஜ் அறை இல்லை. அதைச் சொல்லி என்ன பயன்.) ஒருவர் இதையே வீடியோவுக்கு வீடியோ வந்து எழுதினார். அவர் கமெண்டின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Hide user from channel கொடுத்தேன். இதில் அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. எழுதியது அவர் திரையில் இருக்கும், மற்றவர்களுக்குத் தெரியாது. யாரும் சண்டைக்கு வரவில்லையே என்று அவரே அலுத்துப்போவார்.

சிலர் வேறு கணக்கில் திரும்ப வருவார்கள். அதே "சோத்துக்கு", அதே "மேடம்", நேற்றுத் தொடங்கிய கணக்கு என்றால் ஆள் அவர்தான். அப்படி இரண்டு மூன்று கணக்கு வந்ததும் அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் Hold all வைத்தேன். நான் பார்த்து அனுமதித்தால்தான் எந்தக் கமெண்டும் வெளியே வரும். ஐந்து நாளில் கூட்டம் கலைந்தது, பழையபடி மாற்றிவிட்டேன்.

"ஆடியோ இரைச்சலா இருக்கு, காத்துல ஒண்ணும் கேக்கல" என்று எரிச்சலாக எழுதியவரைத் தொடவில்லை. அவர் சொன்னது நிஜம். மைக்குக்கு ஒரு பஞ்சுறை வாங்கினேன்.

தூக்கத்துக்கு வருகிறேன். போனில் யூடியூப், ஸ்டுடியோ இரண்டின் கமெண்ட் அறிவிப்பையும் அணைத்துவிட்டேன். கொழுந்து எடை போட்டு அனுப்பிய பிறகு, சாயங்காலம் அரை மணி நேரம் மட்டும் பார்ப்பேன், படுக்கையில் கிடையாது. அந்த முதல் வாரம் அதுவும் முடியவில்லை. அண்ணன் மகள்தான் என் போனை வாங்கிப் படித்து, பதில் சொல்ல வேண்டியதை மட்டும் வாசித்துக் காட்டினாள். உடம்பைப் பற்றி எழுதியதையெல்லாம் நான் இன்றுவரை படிக்கவில்லை.

ஒரே ஒரு கமெண்டை மட்டும் அவளே என்னிடம் காட்டினாள். வீட்டுக்கு வரும் வழி தெரியும் என்று எழுதியிருந்தான். அப்படி வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட், வீடியோவின் முகவரி, அவன் சேனலின் முகவரி மூன்றையும் முதலில் எடுங்கள். @ போட்டு வரும் பெயரை அவன் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். UC என்று தொடங்கும் சேனல் எண் மாறாது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மறைத்துவிட்டு, cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். நான் அப்படித்தான் கொடுத்தேன், அண்ணனும் கூட உட்கார்ந்திருந்தார்.