அறுபது வினாடிக்கு எத்தனை சொல்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்புகளைப் பற்றி ஒரு நிமிட வீடியோ போடுகிறேன். வினாடிக்கு இரண்டரை வார்த்தை என்று கணக்குப் போட்டு 150 வார்த்தை எழுதினால், படிக்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வேகமாகப் படித்தால் வீட்டிலேயே புரியவில்லை என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: இரண்டரை என்பது ஆங்கிலத்துக்கான கணக்கு. அங்கே மூன்று சொல்லாக நிற்பது தமிழில் ‘தோப்புகளில்’ என்று ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்கிறது. வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் துணைவினையும் ஒன்றாகச் சேர்வதால் நம் சொல் நீளமானது, எண்ணிக்கையில் குறைவானது. நிதானமாக விளக்கிச் சொல்லும் தமிழ்க் குரல் பெரும்பாலும் வினாடிக்கு ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் இடையில்தான் ஓடும். உங்கள் 150 சொற்களை 1.6-ஆல் வகுத்தால் 94 வினாடி வருகிறது. உங்கள் கைப்பேசி காட்டியதும் ஏறத்தாழ அதுதான்.

ஆனால் என்னுடைய 1.6-ஐ அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே எழுதிய பிரதியில் சரியாக நூறு சொற்களை எண்ணி, ஒலிவாங்கியின் முன் பேசுகிற அதே குரலில் வாய்விட்டுப் படித்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மனத்துக்குள் படித்து எடுத்த நேரம் எப்போதும் குறைவாகவே காட்டும் என்பதால் அது பயன்படாது. மூன்று முறை படித்து, முதல் முறையைத் தள்ளிவிட்டு, மற்ற இரண்டின் சராசரியை எடுத்தால் போதும். நூறு சொல்லுக்கு 62 வினாடி ஆனால் உங்கள் வேகம் 1.6. பேச்சு வழக்கில் பேசுவதாக இருந்தால் அதைத் தனியாக அளக்க வேண்டும். ‘இருக்கிறது’ என்பது ‘இருக்கு’ என்று சுருங்கும்போது கணக்கும் மாறிவிடும்.

சொல் எண்ணும்போது எண்களில் ஏமாறுவது வழக்கம். Google Docs-இல் Ctrl+Shift+C அழுத்தினால் 1965 என்பதை ஒரு சொல்லாகத்தான் காட்டும். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்த ஆண்டு என்று அதை வாயால் சொல்லிப் பாருங்கள்: ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து’. மூன்று நீளமான சொற்கள். இரண்டு வினாடிக்கு மேல் போய்விடும். ஆகவே எண்களை எழுத்தால் எழுதிய பிறகே எண்ணுங்கள். விலை, எடை, தேதி எல்லாம் நிறைந்த மண்டி நிலவர வீடியோ என்றால் இந்த ஒரு காரணத்தாலேயே ஐந்தாறு வினாடி தப்பிப்போகும்.

அடுத்தது நிறுத்தம். நூறு சொல்லைப் படித்து அளந்தபோது வாக்கிய முடிவில் இயல்பாக மூச்சு வாங்கிய நேரம் அந்த 1.6-க்குள்ளேயே அடங்கிவிட்டது; அதை மறுபடியும் கழிக்கக் கூடாது. வேண்டுமென்றே விடுகிற நிறுத்தங்களை மட்டும் இரட்டைச் சாய்கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடி ஒதுக்குங்கள். அறுபது வினாடியில் அப்படி நான்கு இடம் போதும். முடிவில் படம் மட்டும் ஓட இரண்டு வினாடி விடுங்கள். மிஞ்சுவது 54 வினாடி, அதை 1.6-ஆல் பெருக்கினால் 86 சொல். எழுத உட்காரும்போதே உங்கள் எல்லை இதுதான், 150 அல்ல.

இனி வெட்டுவது. இந்த மாதிரி வீடியோக்களில் அடிக்கடி கேட்கும் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம்:

“வணக்கம் நண்பர்களே, இன்றைக்கு நாம் பார்க்கப் போவது என்னவென்றால் தோத்தாபுரி மாம்பழத்தைப் பற்றித்தான். தோத்தாபுரி என்று சொல்லக்கூடிய இந்த மாம்பழமானது நமது கிருஷ்ணகிரி மாவட்டத்தைப் பொறுத்தவரை மிகவும் அதிகமாகப் பயிரிடப்படுகின்ற ஒரு ரகமாக இருந்து வருகிறது. இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டும் என்றால், இந்தப் பழம் பெரும்பாலும் கூழ் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்குத்தான் அனுப்பப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.”

நாற்பது சொல், 25 வினாடி. செய்தி இரண்டே இரண்டு: இங்கே அதிகம் விளைவது எது, அது எங்கே போகிறது. ‘என்று சொல்லக்கூடிய’, ‘ஆனது’, ‘பொறுத்தவரை’, ‘ரகமாக இருந்து வருகிறது’, ‘என்பது குறிப்பிடத்தக்கது’ ஆகியவை மேடைப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை. அடுத்த வாக்கியத்தை யோசிக்கப் பேச்சாளருக்கு அவகாசம் தருவதே அவற்றின் வேலை. எழுதி வைத்துப் படிப்பவருக்கு அந்த அவகாசம் தேவையில்லை. ‘பயிரிடப்படுகின்ற’, ‘அனுப்பப்படுகிறது’ என்ற செயப்பாட்டு வினைகளும் அசையைத்தான் கூட்டுகின்றன. திருத்தினால் இப்படி வரும்:

“கிருஷ்ணகிரித் தோப்புகளில் அதிகம் காய்ப்பது தோத்தாபுரி. இதில் பெரும்பகுதி சந்தைக்குப் போவதில்லை. // கூழ் ஆலைக்குப் போகிறது.”

பன்னிரண்டு சொல், ஏழரை வினாடி, நிறுத்தத்தோடு எட்டரை. பதினாறு வினாடிக்கு மேல் மிச்சம். (உங்கள் பக்கத்து விவசாயிகள் ‘பெங்களூரா’ என்றுதான் சொல்வார்கள் என்றால் அந்தப் பெயரையே போடுங்கள், கேட்பவர் மனத்தில் மொழிபெயர்த்துக்கொள்ளும் நேரமும் நேரம்தான்.)

நிறுத்தத்தை ஏன் அங்கே வைத்தேன் என்றால், ‘சந்தைக்குப் போவதில்லை’ என்று கேட்டதும் ‘பிறகு எங்கே?’ என்ற கேள்வி கேட்பவருக்கு எழுகிறது; அந்தக் கேள்வி எழ ஒரு வினாடி கொடுக்கிறோம். வினையெச்சத்துக்குப் பிறகும் நிறுத்தலாம்: ‘பழத்தைத் தண்ணீரில் கழுவி, // நிழலில் உலர்த்துங்கள்.’ பெயரெச்சத்துக்கும் பெயருக்கும் நடுவில் நிறுத்தக் கூடாது. ‘மருந்து தெளித்த // தோப்பு’ என்றால் வாக்கியம் அங்கேயே உடைந்துவிடும். நிறுத்தக் கூடாத வேறு சில இடங்களுக்கு எழுத்திலேயே ஓர் அடையாளம் உண்டு. ‘சந்தைக்குப் போவதில்லை’ என்பதில் வரும் ‘ப்’ போல வல்லினம் மிகுந்த இடத்தில் இரண்டு சொல்லும் ஒட்டியிருக்கின்றன, அங்கே மூச்சு விட முடியாது. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் அந்த ஒற்றெழுத்தை எடுத்துவிட்டுக் காற்புள்ளி போடுங்கள்.

வெட்டும் கை சில இடங்களில் நின்றாக வேண்டும். மா நீர்ப்பாசனம் பற்றிய ஒரு பதிவில், “பூக்கும் பருவத்தில் நீர் பாய்ச்ச வேண்டாம். ஆனால் பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் பாய்ச்சத் தொடங்குங்கள்” என்று இருந்ததில் ‘ஆனால்’ எதற்கு என்று நான் நீக்கினேன். கேட்ட விவசாயிகளில் இருவர், “பாய்ச்சணுமா, வேண்டாமா சார்?” என்று கேட்டார்கள். படிப்பவர் கண்ணை மேலே ஓட்டி மறுபடி பார்த்துக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வழி கிடையாது. ‘ஆனால்’, ‘அதனால்’, ‘பிறகு’ ஆகிய மூன்றும் பேச்சில் நிரப்புச் சொற்கள் அல்ல.

86 சொல்லுக்கு வெட்டியும் நேரம் தாண்டினால் வேகத்தைக் கூட்டாமல் ஒரு செய்தியை அடுத்த வீடியோவுக்குத் தள்ளுங்கள். வேகம் மிஞ்சியதா என்பதை அறிய, பதிவைக் கைப்பேசி ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அடுத்த அறையிலிருந்து கேளுங்கள். முதலில் கெடுவது சொற்களின் கடைசி எழுத்து. ‘போகிறது’ என்பதில் ‘து’ காதுக்கு எட்டாமல் ‘போகிற’ என்று நின்றால், அந்த வாக்கியத்தில் இன்னும் இரண்டு சொல்லை எடுக்க வேண்டியிருக்கிறது.