விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே என்ன போடுவது?

"டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் செய்கிறேன். கார்டில் பெயருக்குக் கீழே 'தரமான சேவை, நியாயமான விலை' என்று போட்டேன். வாங்குகிறவர்கள் 'என்ன வேலை?' என்று கேட்கிறார்கள். வேறு என்ன போடலாம்?"

வணக்கம். அந்த வரியைத் திருப்பிப் பாருங்கள்: 'மட்டமான சேவை, அநியாய விலை' என்று யாராவது அச்சடிப்பார்களா? அதனால்தான் உங்கள் வரி எதையும் சொல்லவில்லை. அதை முடிதிருத்தகமும் போடலாம், டயர் கடையும் போடலாம்.

கடந்த மூன்று மாத பில்களை எடுத்து, எந்த வேலைக்கு அதிகம் அழைக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இறைச்சிக் கடைகளின் குளிர் அறைதான் பாதி என்றால், 'கடைகளுக்கான குளிர் அறை, ஃபிரிட்ஜ் ரிப்பேர்' என்று போடுங்கள். யாருக்கு, எந்தப் பொருள், என்ன வேலை, மூன்றும் வந்துவிட்டன. வீட்டு ஏசியை விட்டுவிட மனசு வராது, தெரியும். அது கார்டின் பின்பக்கம் போகட்டும்.

நான் எலக்ட்ரீஷியன். முதல் கார்டில் 'அனைத்து மின் வேலைகளும்' என்று போட்டு, டிவி ஆன்டெனா மாட்டச் சொல்லி வந்த அழைப்புகளுக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்! '24 மணி நேரமும்' என்பதையும், நள்ளிரவில் போனை எடுப்பீர்கள் என்றால் மட்டும் போடுங்கள்.

எழுத்து 8 பாயின்டுக்குக் கீழே போனால் வயதானவர்கள் படிக்கச் சிரமப்படுவார்கள். வரி அதில் அடங்கவில்லை என்றால் சொல்லைக் குறையுங்கள், எழுத்தைச் சுருக்காதீர்கள். அப்புறம், அச்சுக்குக் கொடுக்குமுன் வீட்டிலேயே ஒரு தாளில் அச்செடுத்து, உங்களைத் தெரியாத ஒருவரிடம் மூன்று விநாடி காட்டி வாங்கிவிட்டு, என்ன தொழில் என்று கேளுங்கள்.