உடைந்து வந்த பொருள், புகார்க் கடிதம், போட்டோ: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பென்னாகரம், தையல் தொழிலாளி: ஐயா, வீட்டில் வைத்துத் தைப்பதற்காகக் கோவைக் கடை ஒன்றில் 14,500 ரூபாய்க்குத் தையல் மெஷின் வாங்கினேன். லாரி பார்சலில் வந்தது. பிரித்தால் மெஷினின் அடிப்பாகத்தில் விரிசல், ஒரு மூலையில் துண்டே உடைந்திருக்கிறது. விரிசலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். “நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள்” என்கிறார் கடைக்காரர். என்ன எழுதுவது?

அம்மா, உடைந்திருக்கிறது என்பதைக் கடைக்காரர் மறுக்கவில்லை. எங்கே உடைந்தது என்பதில்தான் தகராறு. நீங்கள் அனுப்பிய படம் அதற்குப் பதில் சொல்லாது. பெட்டிக்குள்ளேயே உடைந்தது என்று காட்டும் படங்கள் வேண்டும். பெட்டியையும் தெர்மகோலையும் நீங்கள் இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் அவற்றை இன்றைக்கே எடுத்துவிடலாம்.

முதலில் பெட்டியின் நான்கு பக்கங்களையும், முகவரிச் சீட்டும் லாரி ரசீது எண்ணும் தெரியும்படி எடுங்கள். அடுத்து, பெட்டி எந்த மூலையில் நசுங்கியிருக்கிறதோ, அதற்கு நேர் உள்ளே இருந்த தெர்மகோலைப் பாருங்கள். அது அழுந்தியோ பிளந்தோ இருக்கும். அந்தப் பள்ளத்தில் மெஷினின் உடைந்த மூலையை வைத்துப் பார்த்தால் பொருந்தும். பொருந்திய நிலையில் ஒரு படம் எடுங்கள். பிறகு தெர்மகோலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் துணிமேல் தட்டுங்கள். கறுப்புப் பெயின்ட் செதில்களும் இரும்புத் துகளும் விழுந்தால், அதைவிடப் பெரிய சாட்சி உங்களுக்கு வேண்டாம். தரையில் விழுந்து உடைந்த மெஷினின் செதில் தெர்மகோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளாது.

உடைந்த வாயையும் கிட்டத்தில் எடுத்து வையுங்கள். வார்ப்பிரும்பு புதிதாக உடைந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருக்கும். ஈரக்காற்று பட்டால் சில நாட்களிலேயே செம்பழுப்புத் துரு ஏறிவிடும். அதனால் தேதி முக்கியம். படத்தை வெட்டாமல், வெளிச்சம் கூட்டாமல், எடுத்தது எடுத்தபடியே போனில் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரங்களும் கழன்றுவிடும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சலில் இணையுங்கள்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

> பெறுநர்: உரிமையாளர், (பில்லில் உள்ள கடையின் பெயர், முகவரி)
>
> பொருள்: பில் எண் … , தேதி … . தையல் மெஷின் உடைந்த நிலையில் வந்தது. மாற்று மெஷின் கோருதல்.
>
> ஐயா, மேற்கண்ட பில்லின்படி ரூ.14,500 செலுத்தி வாங்கிய தையல் மெஷின், லாரி ரசீது எண் … மூலம் 12ஆம் தேதி எனக்குக் கிடைத்தது. அன்று மாலையே பிரித்தேன். மெஷினின் அடிப்பாகத்தில் இடது மூலை உடைந்து, அங்கிருந்து விரிசல் ஓடியிருந்தது (படம் 4, 5). பெட்டியின் அதே மூலை நசுங்கியிருப்பதைப் படம் 2 காட்டுகிறது. அந்த மூலைத் தெர்மகோல் பிளந்திருப்பதையும் அதற்குள் பெயின்ட் செதில்கள் இருப்பதையும் படம் 3 காட்டுகிறது. முகவரிச் சீட்டு படம் 1இல் உள்ளது. ஆகவே மெஷின் பெட்டிக்குள் இருந்தபோதே உடைந்திருக்கிறது.
>
> மெஷினை இதுவரை ஓட்டவில்லை, பழுது பார்க்கவும் இல்லை. பெட்டியுடன் அப்படியே வைத்திருக்கிறேன். நீங்கள் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். என் பிழைப்புக்காக நானே தைப்பதற்கு வாங்கிய மெஷின் இது. கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் உங்கள் செலவில் வேறு மெஷின் அனுப்பி இதை எடுத்துச் செல்ல வேண்டும். இயலாவிட்டால் ரூ.14,500ஐயும் லாரிக் கூலியையும் திருப்பித் தர வேண்டும்.
>
> இணைப்பு: பில் நகல், லாரி ரசீது நகல், படங்கள் 1 முதல் 5 வரை.

“பிழைப்புக்காக நானே” என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று கடைக்காரர் பின்னால் வாதாடலாம். சுயதொழிலால் பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குத் தருகிறது. பல ஆட்களை வைத்து நடத்தும் யூனிட்டுக்கு வாங்கியிருந்தால் இந்த வாதம் நிற்பது கடினம். 15 நாள் என்பது சட்டத்தில் உள்ள கெடு அல்ல, நாம் கொடுக்கும் நியாயமான அவகாசம்.

மெஷினை ஓட்டவில்லை என்பதும் அலங்காரத்துக்கு எழுதியது அல்ல. பொருளைத் தன்னுடையதாக எடுத்துப் புழங்கினாலோ, மறுப்புச் சொல்லாமல் நெடுநாள் வைத்திருந்தாலோ அதை ஏற்றுக்கொண்டதாகவே சரக்கு விற்பனைச் சட்டம் கருதும்.

பாலக்கோடு, விவசாயி: பெட்டி பிரிப்பதை வீடியோ எடுக்காவிட்டால் புகாரே செல்லாது என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். ஆன்லைனில் வாங்கிய மருந்து தெளிக்கும் ஸ்பிரேயரின் டேங்க் விரிசல் விட்டு வந்திருக்கிறது. நான் வீடியோ எடுக்கவில்லை. விட்டுவிட வேண்டியதுதானா?

விடாதீர்கள். அவர் சொன்னதில் பாதி சரி. ஒரே ஓட்டமாக, இடையில் நிறுத்தாமல், முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி எடுத்த வீடியோ வலுவான ஆதாரம்தான். ஆனால் வீடியோ இல்லாத புகார் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது விற்பவர்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதிக்கொள்வது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததற்கு ஒப்புதல் தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். உங்களிடம் ஒரு கேள்வி: டேங்கில் மருந்து ஊற்றிப் பார்த்தீர்களா? ஊற்றியிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். விரிசலைச் சுற்றி மருந்துக் கறை படத்தில் தெரியும். “பயன்படுத்தவே இல்லை” என்று எழுதிவிட்டுக் கறையோடு படம் அனுப்பினால் உண்மையான புகாரும் பொய்யாகிவிடும்.

கிருஷ்ணகிரி, பார்சல் அலுவலக ஊழியர்: கோவைக் கடைக்காரரை ஏன் பிடிக்கிறீர்கள்? வழியில் உடைந்தால் லாரிக்காரர்தான் பொறுப்பு. அவருக்கு எழுதச் சொல்லுங்கள். எங்கள் ரசீதில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’, அதாவது சேதமானால் சரக்குக்காரரே பொறுப்பு என்றும் அச்சடித்திருக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நானும் தருமபுரியில் பார்சல் அலுவலகத்தில் இருந்தவன்தான், தம்பி. லாரிக்காரருக்கும் எழுத வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007இன்படி, புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் அவர்மேல் வழக்கே போட முடியாது. அதே கடிதத்தின் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்பலாம். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்ற முத்திரை மட்டும் அவரது கவனக்குறைவை மூடி மறைத்துவிடாது.

ஆனால் அவரை மட்டும் பிடித்தால் அந்த அம்மாவுக்கு மெஷின் வராது. அனுப்பியவர் கூடுதல் கட்டணம் கட்டி மதிப்பை அறிவித்திருந்தால் தவிர, லாரிக்காரரின் பொறுப்பு பொதுவாகக் கூலியைப் போலப் பத்து மடங்கோடு நிற்கும். 350 ரூபாய் கூலி என்றால் 3,500 ரூபாய். மேலும் லாரியை அமர்த்தியவரும் பெட்டி கட்டியவரும் கடைக்காரர். வாங்கியவரே தன் லாரியை அனுப்பி எடுத்திருந்தால் நீங்கள் சொல்வது பொருந்தும்.

நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு. நசுங்கிய பெட்டியை டெலிவரி எடுப்பவர், கையெழுத்துப் போடும் இடத்தில் “மூலை நசுங்கிய நிலையில் பெறப்பட்டது” என்று எழுத வந்தால் தடுக்காதீர்கள். “நல்ல நிலையில் பெற்றேன்” என்ற வரியின்கீழ் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பலர் பின்னால் தவிக்கிறார்கள்.

ஓசூர், தொழிற்சாலைப் பணியாளர்: என் குளிர்சாதனப் பெட்டி எட்டு மாதமாக நன்றாக ஓடியது. இப்போது குளிர்ச்சியே இல்லை. இந்தக் கடிதத்தையே பெயர் மாற்றி அனுப்பலாமா?

வேண்டாம். உங்களுடையது வாரண்டிப் புகார். குளிரவில்லை என்பதைப் போட்டோவில் காட்ட முடியாது. நிறுவனத்தின் சர்வீஸ் எண்ணில் புகாரைப் பதிந்து, வரும் மெக்கானிக்கிடம் என்ன பழுது என்று எழுதிய ஜாப் ஷீட் வாங்குங்கள். அதுதான் உங்களுக்கு ஆதாரம்.

சந்தூர், மா நாற்றுப் பண்ணை: நான் விற்பவன். ஒட்டு மாங்கன்றுகளை வெளியூருக்கு அனுப்புகிறேன். மூன்று நாள் கழித்து, வாடிய கன்றைப் படம் எடுத்து “உடைந்து வந்தது” என்கிறார்கள். எதை நம்புவது?

நியாயமான கேள்வி. கன்று முழுவதையும் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒட்டுக் கட்டிய இடத்தைக் கிட்டத்தில் கேளுங்கள். பிரித்த அன்றே எடுத்த படத்தில் உடைந்த வாய் பசுமையாக, ஈரமாக இருந்தால், பார்சலை இறக்கும்போதோ அதற்குப் பிறகோ உடைந்திருக்கலாம். பழுப்பேறிக் காய்ந்திருந்தால் பயணத்தின் தொடக்கத்திலேயே உடைந்திருக்கும். படமே மூன்றாம் நாள் எடுத்தது என்றால் இந்த வேறுபாடு மறைந்துவிடும், படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனால் “பிரித்த அன்றே ஒட்டுப் பகுதியையும் வேர்ப் பையையும் படம் எடுத்து அனுப்பவும்” என்று ஒவ்வொரு கட்டிலும் சீட்டு வையுங்கள். இப்போது கையில் இருக்கும் தகராறில் யார் பக்கம் உண்மை என்று என்னால் சொல்ல இயலவில்லை.

பென்னாகரம், தையல் தொழிலாளி (மீண்டும்): தெர்மகோலில் செதில் இருந்தது, ஐயா. படம் அனுப்பியதும் கடைக்காரர் குரல் மாறிவிட்டது. 2,000 ரூபாய் தருகிறேன், அங்கேயே வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஏற்கலாமா? ஏற்காவிட்டால் கோவைக்கு அலைய வேண்டுமா?

பெயின்ட் மட்டும் பெயர்ந்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். வார்ப்பிரும்பில் வெல்டிங் எளிதில் நிற்பதில்லை. சூட்டில் பக்கத்திலேயே புது விரிசல் விடும். அடிப்பாகம் துளி வளைந்தாலும் ஊசியும் கொக்கியும் சேரும் இடம் தப்பி, தையல் விட்டு விட்டு விழும். அந்த 2,000 ரூபாயை “முழுத் தீர்வாக” என்று எழுதி வாங்கிக்கொண்டால் பிறகு கேட்க வாயிருக்காது.

அவர் போனில் சொன்னதை எழுத்தில் கொண்டுவாருங்கள். “2,000 ரூபாய் தருவதாக இன்று சொன்னீர்கள். அதை ஏற்க இயலவில்லை, மாற்று மெஷினையே கேட்கிறேன்” என்று அதே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கடிதத்தை ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். 15 நாளில் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அவர்கள் கடைக்காரரிடம் பேசிப் பார்ப்பார்கள், உத்தரவு போட அவர்களுக்கு அதிகாரம் இல்லை.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் தருமபுரியே போதும், கோவைக்குப் போக வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். படம் எந்தப் போனில் எடுத்தது என்பதற்கு அங்கே சான்றிதழ் கேட்கக்கூடும். அதனால் வழக்கு முடியும்வரை அந்தப் போனை விற்கவோ அழிக்கவோ வேண்டாம், பெட்டியையும் தெர்மகோலையும் மழை படாத இடத்தில் வையுங்கள்.