பேசாத கணவர்: அன்பா, கடமையா?

"கல்யாணமாகி ரெண்டு வருஷம். மன்னார்குடி பக்கம் விவசாயம் பார்க்கிறார். பிடிச்சிருக்குன்னு வாயைத் திறந்து சொன்னதே இல்லை. ஆனா நான் கும்பகோணம் பஸ் ஏறி, பஸ் கிளம்புற வரைக்கும் நின்னுட்டுத்தான் போவார். இது அன்பா, கடமையா?"

அன்புதான் என்று தோன்றுகிறது. கடமைக்கு ஸ்டாண்டில் இறக்கிவிட்டாலே போதுமே.

அமைதியான சுபாவக்காரர்கள் பலருக்கு மனதில் இருப்பது உடனே பேச்சாக வராது. உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள். எதிரில் ஒருவர் முகத்தையே பார்த்துக் காத்திருந்தால் இன்னும் அடைத்துக்கொள்ளும். செயலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. குறைவாகப் பேசுவதால் உங்கள் பேச்சு காதில் நிறைய விழுந்திருக்கும்.

இரண்டு வாரம் கவனியுங்கள். எவ்வளவு செய்கிறார் என்பதை விட, உங்களுக்கென்று செய்கிறாரா என்று பாருங்கள். மாவு அரைத்து வருவது வீட்டுக்கே பொது. குடைக்கம்பி உடைந்ததை நீங்கள் எப்போதோ சொல்லியிருக்க, ஐப்பசி மழை பிடிக்குமுன் பையில் புதுக் குடை இருந்தால் அது உங்களுக்கு மட்டும். நடவு நாட்கள், ராத்திரி தண்ணீர் முறை வரும் வாரம் இவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்போது யாருக்கும் எதுவும் ஓடாது.

கண்டால் "குடையைப் பார்த்தேங்க, சந்தோஷமா இருந்துச்சு" என்று சொல்லி விட்டுவிடுங்கள். பதிலுக்கு நிற்க வேண்டாம். வார்த்தையாகவும் வேண்டுமென்றால் வண்டியில் போகும்போது கேளுங்கள். முகம் பார்க்காத பேச்சு அவர்களுக்குச் சுலபம்.

ஒன்று மட்டும்: சண்டைக்குப் பிறகு நாட்கணக்கில் பேசாமல் தண்டிப்பதும், உடம்பு முடியாதபோது எட்டிப் பார்க்காததும் சுபாவக் கணக்கில் வராது. அதை நேராகவே பேச வேண்டும்.